அதற்குக் குழப்பம் என்று பெயர் வைக்காதீர்கள்

போன கிழமை கன்ரீனில் ஒரு ஜூனியர் தங்கச்சி எங்கட மேசைக்கு வந்து இருந்தாள். இரண்டு பேர் அவளைக் கேட்டிருக்கினம். ஒருவன் அவளுடைய பட்ச். மற்றவன் ஊரில் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரிந்தவன். இரண்டு பேரையும் பிடிச்சிருக்கு, என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல, சரியான குழப்பமா இருக்கு என்றாள். சொல்லும்போது அழுகிற மாதிரி இருந்தாள், பொய்யாக இல்லை.

எங்கட செற்றில் இருந்த அக்காமார் அறிவுரையை அள்ளி வழங்கினார்கள். "அவசரப்படாத. ரெண்டு பேரோடயும் கதைச்சுப் பார். ஓமெண்டும் சொல்லாத, இல்லையெண்டும் சொல்லாத. காலம் போகப் போக ஆர் சரியெண்டு தெரியும்." எல்லாரும் தலையாட்டினார்கள். எவ்வளவு பக்குவமான கதை மாதிரி இருக்கு பாருங்கோ! நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் முதலாம் வருடத்தில் இதே அறிவுரையைக் கேட்டு, நாலு மாதம் அதன்படியே நடந்தவள் நான். அண்டைக்குச் சொல்லாததை இங்கே எழுதுறன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ளவேணும். ஒரே நேரத்தில் இரண்டு பேரில் மனம் போவது குற்றமில்லை. மனம் என்ன வாய்க்கால் தண்ணியா, மண்ணை வெட்டி ஒரு பக்கம் திருப்பிவிட? அப்படிப் போன மனத்தை வைத்து யாரையும் 'ஆட்டக்காரி' என்று சொல்லுகிற சனத்தோடு எனக்கு எந்த உடன்பாடும் இல்லை. அதுவும் பெடியன் செய்தால் 'கெட்டிக்காரன்', பெட்டை செய்தால் அந்தப் பெயர் என்கிற கணக்கு இருக்கே, அதைப் பற்றி வேறொரு கட்டுரையே எழுதலாம். நான் சண்டைக்கு வருவது அந்த மனத்தோடு இல்லை. 'கொஞ்சம் டைம் வேணும்' என்று சொன்னதற்குப் பிறகு அந்த டைமுக்குள் நாங்கள் செய்கிற வேலையோடுதான்.

நான் செய்ததைச் சொல்லுறன். ஊரில் ரியூஷன் நாளில் எனக்கு ஒரு வருடம் முந்தின பட்ச்சில் ஒருவர் இருந்தார். ஏ.எல். எடுக்கும்போது பாஸ்ற் பேப்பர் எல்லாம் போட்டோக்கொப்பி அடித்துத் தந்தவர். அப்பா கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் இருந்த பதினொரு நாளும் பின்னேரத்தில் சாப்பாட்டுப் பார்சலோடு வந்து நின்றவர். அவருக்குக் கம்பஸ் கிடைக்கவில்லை. வெள்ளவத்தையில் ஒரு கடையில் கணக்குப் பகுதியில் வேலைக்குப் போனார். எனக்கு யாழ்ப்பாணம் கிடைத்த கிழமை என்னைக் கேட்டார். "முதல்ல படிப்பு முடியட்டும்" என்றேன். அது ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் ஒன்பது மணிக்கு அவர் எடுப்பார், நான் கதைப்பேன்.

மற்றவன் என் பட்ச். இரண்டாம் செமஸ்டரில் ஒரு நாடகத்துக்கு ஒத்திகை போனோம், அதில் பழகினது. லைப்ரரியிலிருந்து பரமேஸ்வராச் சந்தி வரைக்கும் கதைத்துக்கொண்டே நடப்போம். சந்தி வந்த பிறகும் கதை முடியாமல் திரும்பவும் நடப்போம். ஒருநாள் நேராகக் கேட்டான். "எனக்குக் கொஞ்சம் டைம் தா" என்றேன். அவனோடு கதைக்கிற நேரம் பத்தரை.

ஒன்பது, பத்தரை. எவ்வளவு நேர்த்தியான ரைம் ரேபிள். இப்ப நினைச்சா எனக்கே கூசுது. வட்ஸ்அப்பில் லாஸ்ற் சீன் இல்லாமல் பண்ணினேன். ஒருவரின் நம்பரை 'எசைன்மென்ட்' என்று சேவ் பண்ணினேன். போனை மேசையில் கவிட்டு வைக்கப் பழகினேன். ஒருநாள் பத்து இருபதுக்கு அவன் எடுத்தபோது லைன் பிசியாக இருந்தது. "ஆரோட கதைச்சனீ?" என்றான். "அம்மாவோட" என்றேன். கொஞ்சங்கூடத் தடுமாறவில்லை.

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வருகிற முதலாவது விஷயம் இருக்கிறது. உண்மையாகவே குழம்பி நிற்கிற ஒருவருக்கு ஒளிக்க ஒன்றும் தேவையில்லை. பரீட்சையில் கேள்வி விளங்காதவள் முழித்துக்கொண்டு இருப்பாள். கையை மறைப்பவள் பிட் கொண்டு வந்தவள். நீங்கள் நம்பரைப் பெயர் மாற்றி சேவ் பண்ணத் தொடங்கிய நாளில் உங்களுக்கு ஒரு முடிவு வந்துவிட்டது. 'இரண்டு பேரும் எனக்கு வேணும், இருவருக்கும் தெரியக்கூடாது' என்பதுதான் அந்த முடிவு. அதற்குப் பிறகும் 'குழப்பமா இருக்கு' என்று சொல்வது அந்தச் சொல்லுக்குச் செய்யிற அநியாயம்.

'நான் ஆருக்கும் வாக்குக் குடுக்கேல்லையே, பிறகெப்படி ஏமாத்தினதாகும்?' என்று ஒரு வாதம் இருக்கிறது. நானும் என் அறைத்தோழியிடம் இதையே சொன்னேன். வாயால் கொடுக்கவில்லைத்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் ஒன்பது மணிக்குப் போன் எடுப்பது என்ன? காய்ச்சல் வந்தால் முதலில் சொல்வது, "சாப்பிட்டீங்களோ" என்று கேட்பது, ஒருநாள் எடுக்காவிட்டால் கோவிப்பது, இதெல்லாம் என்ன? எதிரே இருப்பவர் இதை வைத்துத்தான் தன் வாழ்க்கையைக் கணக்குப் போடுகிறார். எங்களுக்குச் சும்மா கதை, அவருக்கு அது அத்திவாரம்.

மூன்றாவது மாதம் வெள்ளவத்தைக்காரர் ஒரு விஷயம் சொன்னார். மாமா ஒருவர் மூலமாகக் கட்டாரில் வேலை ஒன்று சரிவந்திருக்கு, பாஸ்போட் கொடுக்கச் சொல்லுகினம், "போகட்டோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வேலையைப் பற்றியது இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் "உங்கட விருப்பம்" என்றேன். பிறகு கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "போனா எப்ப வருவீங்கள்?" என்றேன். அந்த ஒரு வசனத்தில் அவர் நின்றுவிட்டார். மாமாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க ஏலாமல் இருக்கு. அவரைக் கட்டுவேனா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் போகக்கூடாது.

எங்களுக்கு இதை வேறு மாதிரிச் செய்ய யாரும் காட்டித்தரவில்லை என்பதும் உண்மை. தமிழ்ப் படங்களில் இரண்டு பேருக்கு நடுவில் ஒருவர் நிற்கிற கதைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நிற்கிறவர் முடிவெடுக்கிற படத்தைத் தேடிப்பிடிக்க வேணும். 1962இல் வந்த ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் கணவனுக்கும் பழைய காதலனுக்கும் இடையில் ஒரு பெண். கணவனுக்கு ஒப்பரேஷன் செய்து காப்பாற்றுகிற டொக்டர்தான் அந்தக் காதலன், கடைசியில் அவன் செத்துப்போகிறான். 1981இல் வந்த பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்' படத்தில் கணவனே அவளைக் காதலனிடம் சேர்த்துவிடத் தயாராக நிற்கிறான். காதலன் தாலியைக் காரணம் காட்டி விலகுகிறான். ஓரிடத்தில் சாவு முடிவெடுக்கிறது, மற்ற இடத்தில் தாலி முடிவெடுக்கிறது. 2022இல் வந்த 'காத்துவாக்குல ரெண்டு காதல்' கொஞ்சம் புதுசு, அங்கே ஒருவன் இரண்டு பேரையும் காதலிக்கிறேன் என்று வெளிப்படையாகவே சொல்லுகிறான். அது நேர்மைதான். ஆனால் சொன்னதற்குப் பிறகு பாரம் முழுக்க அந்த இரண்டு பெண்களின் தலையில். படம் பார்த்துச் சிரித்தோம். சிரிக்கலாம், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் 'நான் உண்மையைச் சொல்லிட்டன், இனி அவையே பாத்துக்கொள்ளட்டும்' என்பதை நேர்மை என்று அங்கிருந்து படிச்சிட்டு வராதேங்கோ.

இன்னொரு தந்திரமும் உண்டு. எதிரே இருப்பவரே வெறுத்துப் போகிற மாதிரி நடப்பது. மெசேஜுக்குப் பதில் போடாமல் விடுவது, எடுத்தால் எரிஞ்சு விழுவது, அவராகவே "வேண்டாம்" என்று சொல்ல வைப்பது. மெய்யியல் படிக்கிற ஆக்களுக்கு கீர்க்ககார்டைத் தெரிந்திருக்கும். 1841இல் ரெஜினா ஓல்சனுடனான நிச்சயத்தை முறித்தபோது, அவள் தன்னை வெறுத்து விட்டுவிடட்டும் என்று கல்நெஞ்சக்காரன் மாதிரி நடித்தார். அவளுக்காகவே அப்படிச் செய்ததாகத் தன் குறிப்பேடுகளில் எழுதிவைத்திருக்கிறார். அவள் லேசில் விடவில்லை, போகாதே என்று மன்றாடினாள். அவ்வளவு பெரிய சிந்தனையாளருக்கே நேராகச் சொல்ல ஏலாமல் போயிருக்கு. ஆனால் அவரிடம் நடுவில் இன்னொரு பெண் இருக்கவில்லை. எங்களிடம் அந்தச் சாட்டும் இல்லை.

சரி, பிறகு என்ன செய்தேன்?

நாலாவது மாதம் பட்ச்காரன் ஒருநாள் சந்தியில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னான், "அம்மா கேட்டவா, ஆரையும் பிடிச்சிருக்கோ எண்டு. ஓமெண்டு சொல்லிட்டன்." அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஒரு தாய் இப்போது இதற்குள் வந்துவிட்டா. அறைத்தோழி சீ.ஆர். கொப்பியின் பின்பக்கத்தில் கோடு கீறி இரண்டு பத்தி போட்டாள். வேலை, குணம், வீடு, உயரம், சாதி, ஊர். எழுதி முடித்துப் பார்த்தால் அதில் நான் எங்கேயும் இல்லை. எங்கட வீட்டில் ஆருக்கு ஓம் சொல்லுவினம் என்கிற கணக்குத்தான் இருந்தது. இந்தப் பத்தி போடுகிற வேலையை யாரும் செய்யாதீர்கள் என்றுதான் சொல்லுவேன். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பாட்டினால் ஒவ்வொருவரிடமும் மற்றவரிடம் இல்லாதது மட்டும்தான் தெரியும். அப்படி எடுக்கிற முடிவு ஒருபோதும் முடியாது, அடுத்த கிழமை பத்தி மாறும்.

தோழி பிறகு கேட்ட ஒரு கேள்விதான் உதவியது. "மற்றவன் பிறக்கவே இல்லையெண்டு வை. இவனோட இருப்பியா?" இதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கேட்க வேணும், இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் வரவும் கூடும். வெள்ளவத்தைக்காரர் மட்டும் இந்த உலகத்தில் இருந்தால்? இருப்பேன் என்றுதான் முதலில் வந்தது. ஏன் என்று அவள் கேட்டாள். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது சாப்பாடு கொண்டுவந்தவர், பாஸ்ற் பேப்பர் தந்தவர், எனக்காகக் கட்டாரை விட்டவர். சொல்லச் சொல்ல எனக்கே விளங்கியது. நான் சொன்னது எல்லாம் அவர் எனக்குச் செய்தவை. நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். நன்றியைக் காதல் என்று நினைத்துத்தான் அதுவரை வட்டி கட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். பட்ச்காரன் மட்டும் இருந்தால்? அதற்கு என்னிடம் காரணமே இருக்கவில்லை, பதில் மட்டும் இருந்தது.

அடுத்த நாள் இரண்டு பேருக்கும் சொன்னேன், ஒரே நாளில். ஏன் ஒரே நாள் என்றால், ஒருவரின் பதிலைக் கேட்டுவிட்டு மற்றவரிடம் சொல்லும் கதையை மாற்றக்கூடாது என்பதற்காக. சொன்னது இவ்வளவுதான்: இன்னொருவர் இருக்கிறார், நாலு மாதமாக இரண்டு பேரோடும் கதைத்திருக்கிறேன், உங்களிடம் மறைத்தது என் பிழை. மற்றவரின் பெயரைச் சொல்லவில்லை. அது அவருடைய விஷயம்.

பட்ச்காரன் கேட்டான், "அப்ப இந்த நாலு மாசமும் நான் ஆர்?" என்னிடம் பதில் இருக்கவில்லை. "அம்மாட்ட என்னெண்டு சொல்லுறது?" என்றான். அதற்கும் இல்லை. போய்விட்டான். அடுத்த நாள் விரிவுரையில் மூன்று வரிசை தள்ளி இருந்தான்.

வெள்ளவத்தைக்காரர் கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பரவாயில்ல. நீ யோசிச்சு முடிவெடு. நான் இருக்கிறன்" என்றார்.

இப்ப பாருங்கோ என்ர நிலையை. விரும்பினவன் போய்விட்டான். விரும்பாதவர் காத்துக்கொண்டு இருக்கிறார். இந்தக் கட்டுரையே இந்த இடத்தைப் பற்றித்தான். எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? 'அப்ப இவரோடயே இருப்பம்.' வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அந்த நினைப்பு மூன்று நாள் நின்றது. எல்லாருக்கும் நல்லது மாதிரி இருந்தது. அவருக்குச் சந்தோஷம், எங்கட வீட்டுக்குச் சந்தோஷம், நானும் தனிய நிற்கத் தேவையில்லை.

இதனால்தான் 'காலம் போகட்டும், தெரியும்' என்கிற அக்காமாரின் அறிவுரை எனக்குக் கோபம் தருகிறது. காலம் போனால் ஒன்றும் தெரியாது, ஒருவர் களைத்துப் போய் விலகுவார், அவ்வளவுதான். மிஞ்சினவரை 'தெரிவு செய்தேன்' என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். பெரும்பாலும் நடக்கிற ஒழுங்கு இதுதான்: ஒருவரிடம் ஓம் வாங்கி உறுதிப்படுத்தின பிறகு மற்றவருக்கு இல்லை சொல்வது. பஸ்ஸில் சீற் கிடைத்த பிறகு பிடித்த கம்பியை விடுகிற மாதிரி. மனுசர் கம்பி இல்லை. மற்றவர் உங்களுக்குக் கிடைப்பாரா என்று தெரிவதற்கு முதலே ஒருவருக்கு இல்லை சொல்ல உங்களால் ஏலுமென்றால் மட்டும் அதை முடிவு என்று சொல்லுங்கள். அதுவரைக்கும் நீங்கள் செய்வது ஸ்பெயார் வைத்திருப்பது.

நாலாம் நாள் ஒன்பது மணிக்கு நானாகவே எடுத்தேன். மெசேஜில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை முதலே எழுதிவைத்து, அதில் இருந்த 'ஆனா', 'இப்போதைக்கு', 'பிறகு பாப்பம்' மூன்றையும் வெட்டினேன். ஏனென்றால் நம்பிக்கையோடு இருக்கிற ஒருவர் அந்த மூன்று சொல்லை மட்டும்தான் கேட்பார், மிச்சம் ஒன்றும் காதில் ஏறாது. "உங்களில எனக்கு அந்த விருப்பம் இல்லை. இனியும் வராது. நீங்கள் காத்திருக்க வேண்டாம்" என்றேன். "அவனோடயா?" என்றார். "இல்லை, அவன் போய்ட்டான்" என்றேன். அதைத்தான் அவரால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. "அப்ப ஏன்?" என்றார். பிறகு மெதுவாக, "இதை மூண்டு மாசத்துக்கு முதல் சொல்லியிருந்தா நான் போயிருப்பன்" என்றார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பிரண்ட்ஸா இருப்பம்" என்று வாய் வரைக்கும் வந்தது, அடக்கினேன். அது எனக்கான ஒத்தடம், அவருக்கு ஒரு வெயிற்றிங் லிஸ்ற். ஒன்பது மணி அழைப்பு அன்றோடு நின்றது. பழக்கத்தில் ஒரு மாதம் அந்த நேரத்துக்குப் போனைப் பார்ப்பேன். பிறந்தநாளுக்கு வாழ்த்துப் போடலாமா என்று கூட யோசித்தேன், போடவில்லை. வாழ்த்துத்தானே என்று எனக்குத் தோன்றுவது அவருக்குக் கதவு திறக்கிற சத்தமாகக் கேட்கும்.

ஒரு விஷயம் இங்கே சொல்லவேணும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு. நான் கதைத்த இரண்டு பேரும் எனக்கு ஒரு தீங்கும் செய்யாத ஆக்கள். எல்லாருக்கும் அப்படி அமையாது. இல்லை என்று சொன்னால் படத்தைப் போடுவேன், வீட்டுக்கு வந்து சொல்லுவேன், கையை வெட்டுவேன் என்று வெருட்டுகிற ஒருவனுக்கு நீங்கள் நேரில் போய் விளக்கம் கொடுக்கத் தேவையே இல்லை. அங்கே முதலில் நம்பிக்கையான ஒரு பெரியாளிடம் சொல்லுங்கோ, மெசேஜுகளை அழிக்காமல் வையுங்கோ, தனியச் சந்திக்காதேங்கோ. நேர்மை என்பது உங்களைப் பலி கொடுப்பது இல்லை. பெயர் கெட்டுப்போகும் என்கிற பயத்தில்தான் கனபேர் இரண்டு பக்கமும் மறைக்கினம், அதுவும் எனக்குத் தெரியும். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் என் பயத்துக்கான விலையை வெள்ளவத்தையில் இருந்த ஒரு மனுசன் கட்டினார்.

பட்ச்காரன் திரும்பி வரவில்லை. வருவான் என்று எதிர்பார்த்து இதை எழுதவும் இல்லை. இப்ப விரிவுரையில் நோட்ஸ் கேட்டால் தருவான், நாடகத்தைப் பற்றிக் கதைப்போம், சந்தி வரைக்கும் நடப்பதில்லை.

அந்த ஜூனியர் தங்கச்சியை அக்காமார் எழும்பிப் போன பிறகு தனியப் பிடித்தேன். ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நாளைக்கு ரெண்டு பேரில ஒருத்தன் உன்னை வேண்டாமெண்டு சொல்லுறான் எண்டு வை. மற்றவனிட்டப் போவியா?" "போவன் அக்கா" என்றாள், உடனேயே. பிறகு தான் சொன்னதைத் தானே கேட்ட மாதிரி முகம் மாறியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியை முடிக்காமலே எழும்பினாள். மேசையில் கவிட்டு வைத்திருந்த போனை எடுக்க மறந்துபோய், அரைவாசி தூரம் போய்த் திரும்பி வந்தாள்.